மூன்றாவது தூணும் இரட்டை அலையும்: ஒரு தேயிலை ரோலரின் கை ஏன் திரும்பத் திரும்ப வெடித்தது

பின்னணி

நுவரெலியா மாவட்டத்தில், 1,200 மீட்டருக்கு மேலே இருக்கும் ஒரு தோட்டத்து பெக்டரியில் நடந்தது இது. வாட்டிய கொழுந்தை உருட்டும் ரோலர்களில் ஒன்றில், ஜாக்கெட்டைத் தாங்கும் கை ஒரே இடத்தில் வெடித்துக்கொண்டே இருந்தது. அது ஏன் என்று பார்த்துச் சொல்லும்படி என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

ரோலரைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். கீழே ஒரு வட்ட மேசை. அதன் மேல் அடியில்லாத பெரிய உருளை போன்ற ஜாக்கெட்; கொழுந்து அதற்குள் இருக்கும். ஜாக்கெட்டிலிருந்து மூன்று கைகள் வெளியே நீண்டு, மேசையைச் சுற்றி நிற்கும் மூன்று தூண்களின் கிராங்குகளில் பின் போட்டு மாட்டப்பட்டிருக்கும். மோட்டார் ஒரு கிராங்கை மட்டும் சுழற்றும், மற்ற இரண்டும் கூடவே வரும். இதில் கவனிக்க வேண்டிய விஷயம், கிராங்குகள் சுழன்றாலும் ஜாக்கெட் சுழல்வதில்லை. திசை மாறாமல் வட்டப் பாதையில் நகர்ந்து வருகிறது, அவ்வளவுதான். அதனால் கையின் நீட்சியை அளக்க அதில் ஒட்டும் அளவிக்கு, சுழலும் பாகங்களிலிருந்து மின்குறியை எடுக்கும் வழுக்கு வளையம் எதுவும் தேவையில்லை. மேலே இருந்து ஒரு கேபிளைத் தளர்வாகத் தொங்கவிட்டால் போதும்.

வெடித்தது மூன்றாவது தூணுக்குப் போகும் கை. முதலில் இருந்தது பழைய வார்ப்புக் கை. அது பல வருடம் ஓடியது. அது உடைந்தபோது 40 மில்லிமீட்டர் அகல இரும்பில் புதிதாக வெல்டிங் செய்து போட்டார்கள். ஏறக்குறைய மூன்று மாதத்தில் ஜாக்கெட் பக்க வெல்டிங் விளிம்பில் வெடிப்பு வந்தது. அடுத்ததை 50 மில்லிமீட்டர் அகலத்தில் செய்தார்கள். அது ஆறு வாரம்தான் தாங்கியது. அகலமாக்கியது சீக்கிரமாக உடைந்தது என்பதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெல்டிங் சரியில்லை என்று முடிவு செய்து, நான் போனபோது 65 மில்லிமீட்டருக்கு ஓடர் கொடுக்கத் தயாராக இருந்தார்கள்.

முதல் நாள்: ஒரே அளவி, இரண்டு வயர்

அதே அளவில், 50 அகலம், 90 உயரத்தில் புதிதாகச் செய்து மாட்டியிருந்த கையின் பக்க முகத்தில், வெல்டிங் விளிம்பிலிருந்து 60 மில்லிமீட்டர் தள்ளி ஒரு விகார அளவியை ஒட்டினேன். விளிம்பிலேயே ஒட்டக் கூடாது. அங்கே தகைப்பு, அதாவது ஒரு சதுர அலகில் விழும் விசை, மில்லிமீட்டருக்கு மில்லிமீட்டர் மாறும். அளவியோ தன் நீளம் முழுவதற்கும் சராசரியைத்தான் சொல்லும். அதிகாலையில் இரும்பு 13 பாகையில் பனித்துக் கிடந்தது. பெயின்டைச் சுரண்டி, எமரித்தாளால் தேய்த்து, கரைப்பானால் துடைத்து, ஹெயார் டிரையரால் சூடாக்கிய பிறகுதான் பசை பிடித்தது.

அளவி என்பது ஒரு மெல்லிய படலத்தில் மடித்து வைத்த உலோகக் கம்பி. இரும்போடு சேர்ந்து அது நீளும்போது தடை கூடும். எங்களுடையது 120 ஓம். நீட்சியைப் போல எத்தனை மடங்கு தடை மாறும் என்று சொல்லும் அளவிக் காரணி 2.1. இரும்பில் 20 மெகாபாஸ்கல் தகைப்பு என்றால் விகாரம், அதாவது நீளத்தோடு ஒப்பிட்ட நீட்சி, பத்து இலட்சத்தில் 100 பங்கு, அதாவது 100 மைக்ரோ விகாரம். தடை மாற்றம் வெறும் 0.025 ஓம். இவ்வளவு சின்ன மாற்றத்தை ஓம்மானியால் பிடிக்க முடியாது. அதனால்தான் வீட்ஸ்டன் பாலம்: நான்கு தடைகளை, பாலத்தின் கைக்கு ஒன்றாக, சதுரமாகக் கட்டி, ஒரு மூலைச் சோடிக்கு மின்னழுத்தம் கொடுத்து, மற்றச் சோடியில் வரும் வித்தியாசத்தை மட்டும் பெருக்கிப் பார்ப்பது.

நான்கில் ஒன்று அளவி, மற்ற மூன்றும் பெருக்கிக்குள் இருக்கும் நிலையான தடைகள் என்று கட்டினேன். கூரைக்குக் கீழே உள்ள வளை வழியாக 15 மீட்டர் மெல்லிய கேபிளை, இரண்டு வயர் மட்டும் வைத்து இழுத்தேன். ஆறு மணிக்கு, ரோலர் நிற்கும்போது திரையைச் சுழியாக்கினேன்.

பத்தரை மணிக்குத் திரை 500 மைக்ரோ விகாரம் காட்டியது. 100 மெகாபாஸ்கல். பெக்டரிப் பொறுப்பில் இருக்கும் டீமேக்கர் ஐயா திருப்தியாகத் தலையாட்டினார். அவர் சந்தேகப்பட்டது சரி, கை மெலிது, 65க்குப் போகலாம் என்று பேச்சு முடியும் தறுவாயில் இருந்தது.

அதைத் தடுத்தவர் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் வயதான பிட்டர் அண்ணன். தூள் சலிக்க ரோலரை நிறுத்தியிருந்த நேரம். ஜாக்கெட் காலி. "தம்பி, மெஷின் நிக்குது, உங்க நம்பர் மட்டும் ஏறிக்கிட்டே இருக்கே" என்றார்.

உண்மைதான். எண் 500க்குக் கீழே இறங்கவேயில்லை. நிற்கும் இயந்திரத்தில் தகைப்பு மெல்ல மெல்ல வளர முடியாது. வெயில் தகரத்தில் ஏறியிருந்தது. என் கேபிள் அந்தத் தகரத்துக்குக் கீழேதான் தொங்கியது.

எண் ஏறியதன் கணக்கு

அன்று இரவு போட்ட கணக்கு இது. 0.14 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் மீட்டருக்கு 0.123 ஓம். போக 15, வர 15, மொத்தம் 30 மீட்டருக்கு 3.7 ஓம். செம்பின் தடை ஒரு பாகைக்கு 0.39 சதவீதம் கூடும். கூரைக்கடியில் 9 பாகை ஏறியிருந்தால், வயரின் தடை மாற்றம் ΔR, அது திரையில் காட்டும் போலி விகாரம் ε:

```
ΔR = 3.7 × 0.0039 × 9 = 0.13 Ω
ε  = 0.13 / (123.7 × 2.1) ≈ 500 × 10⁻⁶
```

நாங்கள் பார்த்த 100 மெகாபாஸ்கல் முழுவதும் கேபிளின் வெப்பநிலைதான். கையைப் பற்றி அந்த எண்ணில் ஒன்றுமே இல்லை. பாலத்துக்கு அளவி எது, வயர் எது என்று தெரியாது. பாலத்தின் ஒரே கையில் தொடராக இருக்கும் எல்லாத் தடையும் அதற்கு ஒன்றுதான். அளவி இரும்புக்கு ஏற்றபடி வெப்ப ஈடு செய்யப்பட்டது என்று பெட்டியில் போட்டிருந்ததை நம்பி, அதோடு போகும் செம்பை மறந்துவிட்டேன். படிக்கும்போது எத்தனையோ தடவை எழுதிய விடை இது. கூரைக்குக் கீழே நிற்கும்போது நினைவுக்கு வரவில்லை.

இன்னொரு தவறும் இருந்தது. திரை நொடிக்கு ஒருமுறைதான் மாறியது, அதுவும் சராசரியாக. ரோலர் நிமிடத்துக்கு 42 சுற்று ஓடுகிறது, ஒரு சுற்றுக்கு 1.4 நொடி. கையை உடைக்கும் ஏற்ற இறக்கம் அந்த 1.4 நொடிக்குள் நடக்கிறது. நான் பார்த்துக்கொண்டிருந்த எண்ணில் அது தெரிய வாய்ப்பே இல்லை.

இரண்டாவது தடவை: எதை மாற்றினோம், ஏன்

65 மில்லிமீட்டர் ஓடரை இரண்டு வாரம் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்டேன். டீமேக்கர் ஒப்புக்கொண்டார், கொஞ்சம் மனமில்லாமல்தான்.

அடுத்த தடவை கையின் இரண்டு பக்க முகங்களிலும், எதிரெதிராக, ஒவ்வோர் அளவி ஒட்டினோம். இரண்டையும் பாலத்தின் அடுத்தடுத்த கைகளில் கட்டினோம். பாலத்தின் குணம் இங்கே உதவியது: அடுத்தடுத்த கைகளில் ஒரே மாதிரி வரும் மாற்றம் கழிந்துபோகும், எதிர்மாறாக வரும் மாற்றம் கூடும். கை பக்கவாட்டில் வளைந்தால் ஒரு முகம் நீளும், மறு முகம் சுருங்கும்; அது இரட்டிப்பாகத் தெரியும். கை நேராக இழுபட்டால் இரண்டும் ஒன்றாக நீளும், அது மறைந்துவிடும். வெப்பமும் அப்படியே. கேபிளில் மூன்று வயர் போட்டோம்: இரு அளவிகளுக்கும் பொதுவானது ஒன்று, தனித்தனியாக ஒவ்வொன்று. தனி வயர்கள் அடுத்தடுத்த கைகளில் விழுவதால் அவை சூடானாலும் ஒன்றையொன்று ஈடுசெய்யும்.

```
Vo / Vex = GF × ε / 2
```

இதில் Vex பாலத்துக்குக் கொடுக்கும் மின்னழுத்தம், Vo அதிலிருந்து வருவது, GF அளவிக் காரணி, ε விகாரம். பாலத்துக்கு 2.5 வோல்ட் கொடுத்தோம். அளவி சூடாகாமல் இருக்க அதற்கு மேல் போகவில்லை. 100 மைக்ரோ விகாரத்துக்கு 0.26 மில்லிவோல்ட் வரும். அதை நொடிக்கு 100 தடவை பதியும் லொகரில் எடுத்தோம். உருட்டும் அறை எப்போதும் ஈரம், அதோடு கொழுந்துச் சாறு வேறு. அளவிகளின் மேல் மெழுகும் அதன் மேல் சிலிக்கனும் பூசினோம்.

கடைசியாக ஒரு முடிவு, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. சுழி எங்கே என்பது. முதல் நாள் கை பூட்டியிருந்தபடியே சுழியாக்கினேன். அப்போதே அதில் தகைப்பு இருந்திருந்தால் அதையும் சேர்த்துச் சுழி என்று சொல்லியிருப்பேன். இந்தத் தடவை பிட்டர் அண்ணனைக் கேட்டு மூன்றாவது கிராங்கின் பின்னைக் கழற்றி, கை எதையும் தொடாமல் நிற்கும்போது சுழியாக்கினோம். பின்னைத் திரும்பப் போடும்போது அவர் ஒரு கடப்பாரையால் கையை ஓரமாக நெம்பித்தான் ஓட்டைக்குள் விட்டார். "எப்பவும் இப்படித்தான்" என்றார். அளவியைப் பார்க்காமலேயே அந்த இடத்தில் பாதி விஷயம் வெளியே வந்திருக்க வேண்டும்.

பார்த்தது

மோட்டாரைத் தொடாமல், கொழுந்தும் இல்லாமல், கிராங்கைக் கையால் சுழற்றி நான்கு இடங்களில் நிறுத்தி வாசித்தோம்.

கிராங்க் கையின் நேர்க்கோட்டில் நிற்கும்போது 10 மைக்ரோ விகாரம். கால் சுற்று போய் கைக்குக் குறுக்காக நின்றபோது 340. அரைச் சுற்றில், மறுபடி நேர்க்கோட்டில், 5. முக்கால் சுற்றில் 350. அதாவது ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை கை ஒரே பக்கமாக வளைந்து வளைந்து நிமிர்கிறது.

பிறகு காலியாக ஓடவிட்டோம். லொகரில் அதே வடிவம்: ஒரு சுற்றுக்கு இரண்டு மேடு. கொழுந்து நிரப்பி, மூடியை இறக்கி ஓட்டியபோது ஒரு மேடு 370ஆக உயர்ந்தது, அடுத்தது 310ஆகத் தாழ்ந்தது. கொழுந்தின் பங்கு கூட்டியும் குறைத்தும் 30 மட்டுமே.

இரட்டை மேடு ஏன் பெரிய தடயம் என்று விளக்க வேண்டும். கொழுந்து மேசையில் உராயும் விசை ஜாக்கெட் நகரும் திசைக்கு எதிராக இருக்கும். அது சுற்றுக்கு ஒருமுறை சுற்றி வரும். ஜாக்கெட்டின் எடையால் வரும் சுழல் விசையும் அப்படித்தான். ஒரு கிராங்க் மற்றதைவிட நீளமாக இருந்தாலும் சுற்றுக்கு ஒரு மேடுதான் வரும். இரண்டு மேடு வர வேண்டுமென்றால் தூணே இடம் மாறியிருக்க வேண்டும்.

காரணம் இது. ஜாக்கெட் இணையாக நகர இரண்டு கிராங்குகளே போதும். மூன்றாவது மிகையானது, அது நிற்கும் இடம் மிகச் சரியாக இருந்தால் மட்டும் சும்மா கூட வரும். தூண் கைக்குக் குறுக்காகச் சற்று விலகியிருந்தால், பின்னும் ஓட்டையும் எப்போதும் அதே அளவு, அதே திசையில் ஒத்துப்போகாது. மோட்டார் ஓட்டாத கிராங்க் என்பதால் அது முன்னும் பின்னும் கொஞ்சம் சுழன்று கொடுக்கும், ஆனால் தன் நீளத்தின் திசையில் கொடுக்காது. கிராங்க் கையின் நேர்க்கோட்டில் நிற்கும்போது விலகலை அது சுழன்று விழுங்கிவிடுகிறது. குறுக்காக நிற்கும்போது விழுங்க முடியாமல் கையைத் தள்ளுகிறது. குறுக்காக நிற்பது சுற்றுக்கு இரண்டு தடவை.

தள்ளும் விசை எவ்வளவு என்று பார்த்தேன். 340 மைக்ரோ விகாரம் என்றால் 68 மெகாபாஸ்கல். பின்னிலிருந்து அளவி வரை 340 மில்லிமீட்டர். கணக்கில் ஏறக்குறைய 7.5 கிலோநியூட்டன் வருகிறது, அதாவது 750 கிலோ எடைக்குச் சமமான பக்கத் தள்ளல், காலியாக ஓடும் ரோலரில்.

ஆறு வாரம் எப்படி வந்தது

ஓட்டத்தில் வீச்சை, அதாவது மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள வித்தியாசத்தை, 360 என்று எடுத்தால் அளவி இருக்கும் இடத்தில் 72 மெகாபாஸ்கல். வெல்டிங் விளிம்பு பின்னிலிருந்து 400 மில்லிமீட்டர் என்பதால் அங்கே 85. அந்த மாதிரி வெல்டிங்குக்குப் பொதுவாக எடுக்கும் வகுப்பு 71: அதாவது 71 மெகாபாஸ்கல் வீச்சை 20 இலட்சம் தடவை தாங்கும், வீச்சு கூடினால் ஆயுள் கன விகிதத்தில் குறையும். 85க்கு ஏறக்குறைய 11.7 இலட்சம் தடவை. சுற்றுக்கு இரண்டு வீதம் நிமிடத்துக்கு 84, நாளுக்கு ஆறு மணி நேரம் என்றால் ஒரு நாளுக்கு 30,240. ஆக 38, 39 வேலை நாள். ஆறு வாரத்துக்குச் சற்றுக் கூட.

இது முன்பு உடைந்த 50 மில்லிமீட்டர் கையின் ஆயுளோடு இவ்வளவு நெருக்கமாக ஒத்துப்போனது ஓரளவு அதிர்ஷ்டம். வெல்டிங்கின் ஆயுளைச் சொல்லும் இந்த வகுப்பு வளைகோடுகள் பாதுகாப்புப் பக்கம் சாய்த்து வரையப்பட்டவை. இரண்டு மூன்று மடங்கு வித்தியாசம் வந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

65 மில்லிமீட்டர் ஏன் தவறு என்பதும் இதில் இருக்கிறது. கொழுந்தின் விசைதான் கையை வளைக்கிறது என்றால் அகலமாக்கினால் தகைப்பு குறையும். இங்கே வளைப்பது விசை அல்ல, இடப்பெயர்ச்சி. இவ்வளவு மில்லிமீட்டர் வளைந்தே ஆக வேண்டும் என்று தூண் கட்டாயப்படுத்துகிறது. அப்படிப்பட்ட நிலையில் அகலமான கையில் தகைப்பு கூடும். 40 மூன்று மாதமும் 50 ஆறு வாரமும் தாங்கியதற்குக் காரணம் அதுதான். டீமேக்கரிடம் இதைச் சொன்னபோது, ஒரு மெல்லிய அடிமட்டத்தையும் ஒரு தடித்த அடிமட்டத்தையும் மேசை ஓரத்தில் ஒரே அளவு வளைத்துக் காட்டினேன். தடித்தது முறிந்தது. அப்புறம் அவர் ஓடரைப் பற்றிப் பேசவில்லை.

சரிசெய்தது

மூன்றாவது தூணின் அடியில் தரை புதிதாக இருப்பதை அப்போதுதான் கேட்டேன். மழைநீர் கசிந்து தளம் பெயர்ந்ததால், அந்தத் தூணைத் தூக்கி, கொங்கிரீட் போட்டு, பழைய இடம் என்று நினைத்த இடத்தில் திரும்ப நிறுத்தியிருந்தார்கள். அந்த வேலைக்கு முன்பு கை வெடித்ததே இல்லை. வார்ப்புக் கை உடைந்தது அதற்குப் பிறகு.

தூணுக்குப் பக்கத்தில், நகர்வைக் காட்டும் டயல் கேஜை நிறுத்தி, கிராங்கைக் குறுக்காக வைத்து, நான்கு அடித்தள பொல்ட்டுகளையும் தளர்த்தினோம். தூண் தானாகவே நகர்ந்தது. லொகரில் 340 சரிந்து 60க்கு வந்தது. மெதுவாகத் தட்டித் தட்டி 20க்குக் கொண்டுவந்தபோது டயலில் மொத்த நகர்வு 1.4 மில்லிமீட்டர். அந்த 1.4 முழுவதும் கையில் விழுந்திருந்தால் விளிம்பில் 130 மெகாபாஸ்கல் வந்திருக்கும்; நாங்கள் கண்டது 85. மிச்சத்தை, பின் உட்காரும் தேய்ந்த புஷ்ஷின் ஆட்டமும் தூணின் நெகிழ்வும் விழுங்கியிருக்கின்றன.

பொல்ட்டை இறுக்கும்போது லொகரைப் பார்த்துக்கொண்டே இறுக்கினோம். முதல் தடவை இறுக்கி முடித்தபோது எண் 110க்கு ஏறியது, இறுக்கும் முறுக்கில் தூண் சற்றுத் திரும்பிவிட்டது. தளர்த்தி, குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிய பிறகு நின்றது. பிறகு இரண்டு இடத்தில் துளை போட்டு தூண் நகராதபடி டவல் பின் அடித்து, அடியில் சுருங்காத கிரவுட் கலவை ஊற்றினார்கள்.

பின்பு நடந்தது

கிரவுட் இறுகிய பிறகு காலியாக ஓடியபோது வீச்சு 50. கொழுந்தோடு 110, அதுவும் இப்போது சுற்றுக்கு ஒரு மேடாக. விளிம்பில் 26 மெகாபாஸ்கல். இப்போது கை சுமப்பது பெரும்பாலும் கொழுந்தின் பாரத்தைத்தான்.

கையின் அளவு மாற்றப்படவில்லை, அதே 50 மில்லிமீட்டர். 14 மாதம் ஓடியபின் சாய ஊடுருவல் முறையில் விளிம்பைப் பார்த்தார்கள், வெடிப்பு இல்லை. பின்னைக் கழற்றிப் போட இப்போது கடப்பாரை வேண்டியதில்லை.

மறுபடி செய்தால்

ஓர் அளவி மட்டும் உள்ள இரண்டு வயர் கால் பாலத்தை நீளக் கேபிளோடு இனி கட்ட மாட்டேன். ஓர் அளவிதான் ஒட்ட முடியும் என்றாலும் மூன்று வயர். அளவி ஒட்டிய அன்றே, இயந்திரம் ஓடும் முன், அரை மணி நேரம் சும்மா விட்டு எண் நகர்கிறதா என்று பார்ப்பேன். முதல் நாள் அந்த அரை மணி நேரத்தை வெயில் ஏறும் வேளையில் கொடுத்திருந்தால், 100 மெகாபாஸ்கல் என்ற எண் பிறந்தே இருக்காது.

சுழியை, அளக்கும் உறுப்பைக் கழற்றித்தான் எடுப்பேன். அது முடியாத இடத்தில் ஏற்ற இறக்கத்தை மட்டும் நம்பலாம், சராசரியை நம்பக் கூடாது.

தரையை எப்போது தோண்டினார்கள் என்பதை முதல் கேள்வியாகக் கேட்பேன். பிட்டர் அண்ணனின் கடப்பாரையை முதல் நாளே பார்த்திருந்தால் அளவி ஒட்டாமலேயே தூணைச் சந்தேகித்திருப்போம். ஆனால் பொல்ட்டை இறுக்கும்போது 110க்கு ஏறியதை அளவி இல்லாமல் யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்.

அளவிகளை நிரந்தரமாக விட்டுவைக்கலாம் என்று நினைத்தேன். ஐந்தாவது மாதம் சாறு மெழுகுக்கு அடியில் புகுந்து ஒன்று செத்துப்போனது. இப்போது அந்த பெக்டரியில் தூணையோ புஷ்ஷையோ தொட்டால், பின்னைக் கழற்றி, அது கையால் தள்ளி உள்ளே போகிறதா என்று நான்கு கிராங்க் நிலையிலும் பார்க்கிறார்கள். ரோலருக்கு அரை மணி நேரம் போகிறது.